உப்பளத்தில் எந்த உப்பு எப்போது படிகிறது? இராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல் தண்ணியைக் காய வெச்சா உப்பு வரும். இதுல வரிசைன்னு என்ன இருக்கு?

கடல்நீரில் கரைந்திருப்பது ஒரே உப்பு அன்று. சமையலுக்கு நாம் பயன்படுத்தும் சோடியம் குளோரைடு அதில் பெரும்பங்கு என்பது உண்மைதான். ஆனால் அதனுடன் கால்சியம் கார்பனேட் என்னும் சுண்ணாம்பு, கால்சியம் சல்பேட் என்னும் ஜிப்சம், மக்னீசியம் குளோரைடு, மக்னீசியம் சல்பேட், பொட்டாசியம் குளோரைடு, சிறிதளவு புரோமைடு ஆகியவையும் கலந்திருக்கின்றன. நீர் ஆவியாகக் குறையக் குறைய இவை அனைத்தும் ஒரே நேரத்தில் படிவதில்லை. ஒவ்வொன்றும் தான் தாங்கும் எல்லைவரை கரைந்திருந்து, எல்லை தாண்டியதும் படிகமாகப் பிரிகிறது.

முதலில் சுண்ணாம்பும், பிறகு ஜிப்சமும், அதன் பிறகு சோறு உப்பும் படிகின்றன. கடைசியில் மக்னீசியம், பொட்டாசியம் உப்புகளின் முறை வருகிறது. உப்பளம் என்பது இந்த வரிசையின் நடுத்துண்டை மட்டும் வெட்டி எடுப்பதற்காகக் கட்டப்பட்ட ஏற்பாடு. முன்னால் படிபவற்றை வேறு பாத்தியில் விட்டுவிட்டு, பின்னால் படியவிருப்பவற்றை நீராகவே வெளியேற்றிவிட்டு, இடையில் வருவதை மட்டும் வாருகிறார்கள். திருப்பாலைக்குடி, உப்பூர்ப் பக்கம் கேட்கப்படும் ஐயங்களும் வாலிநோக்கம் பக்கம் கேட்கப்படும் ஐயங்களும் பெரும்பாலும் இந்த ஒரே இடத்தைச் சுற்றியே வருவதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எது எப்போ படியும்னு ஒரு கணக்கோட சொல்லுங்களேன்.

இதற்கான அளவீட்டை 1849-இல் உசிக்லியோ என்னும் வேதியியலாளர் மத்தியதரைக் கடலின் நீரைக் கொண்டு செய்து வெளியிட்டார். அந்தக் கடல் நம் கடலைவிடச் சற்று உவர்ப்பானது. ஆகவே அளவுகள் நமக்குச் சிறிது குறையுமேயன்றி வரிசை மாறாது. அவருடைய எண்களை ஆயிரம் லிட்டருக்குப் பெருக்கிப் பார்ப்போம். செறிவைப் பாமே டிகிரியில் குறிக்கிறேன். அது என்ன என்பதைப் பின்னால் ஒரு கேள்வியில் விளக்கியிருக்கிறேன்.

ஆயிரம் லிட்டர் கடல்நீர் தொடக்கத்தில் 3.5 டிகிரியில் இருக்கிறது. அது 533 லிட்டராகக் குறைந்து 7 டிகிரியை எட்டும்போது ஏறத்தாழ 64 கிராம் சுண்ணாம்பு படிந்திருக்கும். ஆயிரம் லிட்டருக்கு ஒரு கைப்பிடி என்பதால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. நீர் 190 லிட்டராகி 16.75 டிகிரியைத் தொடும்போது அரைக் கிலோவுக்குச் சற்று மேல் ஜிப்சம் இறங்கியிருக்கும். 25 டிகிரியில் எஞ்சுவது 112 லிட்டர். அதுவரை மொத்தம் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான ஜிப்சம் படிந்திருக்கும், ஆனால் சோறு உப்பு ஒரு பரல்கூட இராது.

அதற்குப் பிறகுதான் வேகம் பிடிக்கிறது. 95 லிட்டராகி 26.25 டிகிரி வரும்போது 3.3 கிலோ உப்பும், 64 லிட்டராகி 27 டிகிரி வரும்போது 12.9 கிலோவும், 39 லிட்டராகி 28.5 டிகிரி வரும்போது 20.8 கிலோவும் சேர்ந்துவிடுகின்றன. தொடக்கத்தில் இருந்த உப்பில் இது ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது பங்கு. அதற்கு மேலும் உலரவிட்டால் 35 டிகிரியில், வெறும் 16 லிட்டர் எஞ்சியிருக்கும் நிலையில், மொத்தம் 27 கிலோ வரை உப்பு சேரும். ஆனால் அந்தக் கடைசிப் பகுதியில் மக்னீசியம் சல்பேட்டும் அரைக் கிலோவுக்கு மேல் கூடவே இறங்கிவிடுகிறது. அதற்கு முந்தைய ஒவ்வொரு கட்டத்திலும் அது முப்பது கிராமைத் தாண்டவில்லை என்பதைக் கவனித்தால் எல்லை எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

குறைவா கரையறது முன்னாடி படியும்ங்கிறாங்க. பொட்டாசியம் குளோரைடும் சோறு உப்பும் ஏறக்குறைய ஒரே அளவுதானே கரையுது, அப்புறம் ஏன் பொட்டாசியம் கடைசியில?

ஏனெனில் வரிசையைத் தீர்மானிப்பது கரைதிறன் மட்டும் அன்று. எவ்வளவு கரையும் என்பதோடு, நீரில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் சோடியம் குளோரைடு ஏறக்குறைய 27 கிராம் இருக்கிறது. பொட்டாசியம் குளோரைடோ முக்கால் கிராமுக்கும் குறைவு. நீர் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினால் முன்னது லிட்டருக்கு 270 கிராமாகி எல்லையை நெருங்கிவிடுகிறது. பின்னது ஏழு கிராமாகத்தான் ஆகியிருக்கும். அதற்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது.

ஜிப்சம் இதற்கு நேர்மாறானது. அது இருப்பதும் குறைவு, கரைவதும் குறைவு. நல்ல நீரில் லிட்டருக்கு இரண்டரைக் கிராம் அளவுக்கே கரையும் என்பதால், கடல்நீர் பாதியாகச் சுருங்கியதுமே அது படிய வேண்டும் என்று கணக்குப் போடத் தோன்றும். ஆனால் உவர்நீரில் ஓரளவுவரை ஜிப்சம் கூடுதலாகக் கரைகிறது. சோடியம், குளோரைடு அயனிகள் நிறைந்த நீரில் கால்சியமும் சல்பேட்டும் ஒன்றையொன்று பற்றுவது தளர்ந்துவிடுகிறது. அதனால்தான் நீர் கால் பங்குக்கும் கீழே குறையும்வரை ஜிப்சம் காத்திருக்கிறது. தனித்தனி உப்புக்கு நூலில் போட்டிருக்கும் கரைதிறன் அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு பாத்தியைக் கணிக்க முடியாது என்பதற்கு இது ஒரு சான்று.

மக்னீசியம் குளோரைடு மிக நன்றாகக் கரையும். நூறு கிராம் நீர் அதில் ஐம்பது கிராமுக்கு மேல் ஏற்றுக்கொள்ளும். லிட்டருக்கு மூன்று கிராம் சொச்சமே இருக்கும் அது தானாகப் படிய, கடல்நீர் நூறில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்க வேண்டியிருக்கும். திறந்த பாத்தியில் அது நடப்பதே இல்லை. அதன் காரணத்தைக் கடைசிக்கு முந்தைய கேள்வியில் காண்க.

டிகிரி, டிகிரின்னு சொல்றீங்களே, அது வெப்பத்தோட அளவா?

அன்று. அது நீரின் அடர்த்தியைக் காட்டும் அளவு. அந்துவான் பாமே என்னும் பிரெஞ்சு வேதியியலாளர் பதினெட்டாம் நூற்றாண்டில் வகுத்த அளவுகோல் இது. கண்ணாடிக் குழாய் போன்ற மானியை ஒரு குவளை உவர்நீரில் மிதக்கவிட்டால், நீர் கனக்கக் கனக்க மானி மேலே எழும்பும். நீர்மட்டம் வெட்டும் கோட்டைப் படித்துக்கொள்ள வேண்டும். கடல்நீர் 3.5, உப்பு படியத் தொடங்குவது 25-க்கும் 26-க்கும் இடையே, நீரை வெளியேற்ற வேண்டியது 29 அளவில் என்ற மூன்று எண்களை மனத்தில் வைத்தால் போதும்.

இதில் ஒரு பிழை எளிதில் நேரும். மானி சுமார் 15.6 டிகிரி செல்சியசுக்கு ஏற்ப அளவிடப்பட்டது. சித்திரை, வைகாசி நண்பகலில் நம் பாத்தி நீர் அதைவிட இருபது டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். சூடான நீர் விரிந்து இலேசாவதால் மானி ஏறக்குறைய ஒரு பாமே டிகிரி குறைத்துக் காட்டும். உப்பு படிந்துகொண்டிருக்கும்போதே மானி 24.5 காட்டினால் மானியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. நீரை நிழலில் ஆறவைத்து அளக்கலாம், அல்லது எப்போதும் விடியற்காலையிலேயே அளந்து பழகலாம்.

உப்பு வாருற பாத்தி கொஞ்சம்தான் இருக்கு. மத்த இடமெல்லாம் சும்மா தண்ணி நிக்குது. ஏன் இவ்வளவு நிலத்தை வீணாக்குறாங்க?

மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஆயிரம் லிட்டரில் 888 லிட்டர் ஆவியான பிறகே முதல் உப்பு பிறக்கிறது. ஆவியாக்கும் வேலையில் பத்தில் ஒன்பது பங்கு அந்தச் 'சும்மா நிற்கும்' நீரில்தான் நடக்கிறது. அதனால்தான் உப்புப் பாத்தியைப் போலப் பத்து மடங்கு அளவுக்கு ஆவியாக்கும் பரப்பு வேண்டியிருக்கிறது.

பரப்பு மட்டுமன்று, பிரிவும் தேவை. கடல்நீர் முதலில் ஆழமான தேக்கத்தில் நின்று, பிறகு வரிசையான ஆழமற்ற பாத்திகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கிவரும்போது, சுண்ணாம்பு ஓரிடத்திலும் ஜிப்சம் வேறிடத்திலும் தங்கிவிடுகின்றன. ஒரே பாத்தியில் கடல்நீரைப் பாய்ச்சி வற்றவிட்டால் இவை அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காகப் படியும். வாரும்போது எல்லாம் கலந்தே வரும்.

வட கிழக்குப் பருவமழை ஓய்ந்தவுடன், தை மாத வாக்கில், பாக் நீரிணைப் பக்கத்து நீரின் உவர்ப்பு வழக்கத்தைவிடக் குறைந்திருக்கும். தேவிபட்டினத்துக்கு வடக்கே பருவத்தின் முதல் வாரல் தாமதமாவதற்கு மழையில் நனைந்த தரையோடு இதுவும் ஒரு காரணம்.

கொஞ்சம் ஜிப்சம் கலந்தா என்ன கெட்டுப்போகும்? அதுவும் உப்புதானே?

உடலுக்குத் தீங்கு என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அது எளிதில் கரையாததால் கரைசலைக் கலங்கலாக்கும். உப்பை மூலப்பொருளாக வாங்கும் காஸ்டிக் சோடா ஆலைகளுக்குக் கால்சியம் பெரும் தொல்லை. அதை நீக்க அவை தனியாகச் செலவு செய்ய வேண்டும். ஆகவே விலையில் பிடித்தம் வரும்.

இதைத் தவிர்க்கும் வழி, நீரை உப்புப் பாத்திக்குத் திறந்துவிடும் நேரத்தில் இருக்கிறது. 24 அல்லது 25 டிகிரி வரும்வரை ஆவியாக்கும் பாத்தியிலேயே நிறுத்திவைத்தால், ஜிப்சத்தின் பெரும்பகுதி அங்கேயே படிந்துவிடும். அவசரப்பட்டு 18 டிகிரியில் திறந்துவிட்டால், உசிக்லியோவின் கணக்குப்படி ஆயிரம் லிட்டர் கடல்நீருக்குக் கிட்டத்தட்ட முக்கால் கிலோ அளவுக்கு ஜிப்சம் உப்புப் பாத்தியின் தரையில் போய்ச் சேரும். 25-க்குப் பிறகும் சிறிது ஜிப்சம் படிந்துகொண்டே இருப்பதால் அதை முற்றிலும் ஒழிக்க முடியாது. உப்பில் நூற்றுக்கு ஒன்று சொச்சம் தங்கவே செய்யும்.

கண்டுபிடிப்பது எளிது. பாத்தியின் அடியில் மணல்போல் நறநறவென்று, நல்ல நீரை ஊற்றினாலும் கரையாமல் கிடக்கும் சிறு பளபளப்பான ஊசிகள் ஜிப்சம். ஆவியாக்கும் பாத்திகளின் தரையில் ஆண்டுக்கணக்கில் பாளமாக இறுகும் இதைப் பெயர்த்து எடுத்துச் சிமெண்ட் ஆலைகளுக்கு விற்பதும் உண்டு. சரியான பாத்தியில் படிந்தால் அது சரக்கு.

கடல்ல அயோடின் இருக்குன்னு படிச்சோம். அப்ப ஏன் உப்புல தனியா சேர்க்கணும்?

கடல்நீரில் அயோடின் லிட்டருக்கு ஏறக்குறைய 0.06 மில்லிகிராம்தான். ஆயிரம் லிட்டரில் 60 மில்லிகிராம். அது முழுவதும் அந்த நீரிலிருந்து வாரப்படும் 20 கிலோ உப்பில் ஒட்டிக்கொண்டதாக வைத்துக்கொண்டாலும், கிலோவுக்கு 3 மில்லிகிராம்தான் வரும். கடையில் விற்கும் அயோடின் உப்பில் குறைந்தது 15 இருக்க வேண்டும். அந்த மூன்றும்கூட உப்பில் தங்குவதில்லை. அயோடின் சேர்மங்கள் சோடியம் குளோரைடு படிகத்துக்குள் புகாமல் நீரிலேயே நின்று, உப்பு படிந்தபின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரோடு வெளியே போய்விடுகின்றன.

29 டிகிரிக்கு மேலயும் உப்பு படியத்தானே செய்யுது? பாதி உப்போட தண்ணியை ஏன் வெளிய விடுறாங்க?

மிகவும் நியாயமான கேள்வி. முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும்: வெளியே போவது பாதி அன்று, ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது பங்கு. அந்த முப்பதை விட்டுவிடுவதற்குப் பலரும் சொல்லும் காரணம், 29-க்கு மேல் மக்னீசியம் உப்பு படியத் தொடங்கிவிடும் என்பது. அது பாதி உண்மைதான். மேலே சொன்ன கணக்கில், 28.5-லிருந்து 30.2 டிகிரி வரை படிந்தவற்றில் நூற்றுக்கு 97 பங்கு சோறு உப்பே. மக்னீசியம் சல்பேட் படிகமாகத் திரளாக இறங்குவது 32-க்குப் பிறகுதான். அப்படியானால் ஏன் முன்னதாகவே நிறுத்துகிறார்கள்?

உப்பைக் கெடுப்பது பெரும்பாலும் படிகம் அன்று, படிகத்தின்மேல் ஒட்டியிருக்கும் நீர். ஒரு கணக்குப் போடுவோம். வாரிப்போட்ட நூறு கிலோ ஈர உப்பில் பத்துக் கிலோ நீர் ஒட்டியிருப்பதாகக் கொள்வோம். அது ஏறத்தாழ எட்டு லிட்டர். ஆயிரம் லிட்டர் கடல்நீரில் இருந்த மக்னீசியம் உப்புகள் ஐந்தரைக் கிலோ அளவு. அவை படியாமல் எஞ்சிய நீரிலேயே குவிந்துகொண்டு வருகின்றன. 26 டிகிரியில் வாரினால் அந்த எட்டு லிட்டரில் அரைக் கிலோவுக்கும் குறைவாகவே மக்னீசியம் உப்பு இருக்கும். 28.5-இல் வாரினால் 1.1 கிலோ. 32-ஐத் தாண்டி வாரினால் இரண்டு கிலோவை நெருங்கிவிடும். படிகம் எவ்வளவு தூயதாக இருந்தாலும் ஒட்டிய நீர் உலரும்போது அந்த மக்னீசியம் உப்பின்மேல் பூச்சாகத் தங்குகிறது. மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுடையது. ஐப்பசி மழைக்காலத்தில் மூட்டையடியில் கசியும் உப்பு பெரும்பாலும் இப்படி வாரப்பட்டதாகவே இருக்கும். சுவையிலும் கசப்பு ஏறும்.

இரண்டாவது காரணம் காலம். நீர் செறிவாக ஆக ஆக ஆவியாவது மந்தப்படுகிறது. உப்பு படியத் தொடங்கும் நிலையிலேயே, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால் பாத்தி நீர் ஆவியாவது நின்றுவிடும். மக்னீசியம் ஏற ஏற அந்த எல்லை இன்னும் கீழே இறங்குகிறது. கடலோரக் காற்றில் இரவெல்லாம் வீணாகி, பகலிலும் சில மணி நேரமே பயன்படும். 29-க்கு மேல் ஒரு லிட்டர் நீர் போனாலும் முன்பு கிடைத்த அதே அளவு உப்பு கிடைக்கும். ஆனால் அந்த ஒரு லிட்டர் போவதற்குக் காத்திருக்கும் நாள்களில் அதே பாத்தியில் 25 டிகிரி புது நீர் விட்டிருந்தால் கூடுதல் உப்பு, அதுவும் நல்ல உப்பு, கிடைத்திருக்கும். பாத்தியின் இடமும் வெயிலும்தான் இங்கே முதல். கடல்நீருக்கு விலை இல்லை. அதனால்தான் நூற்றுக்கு முப்பதைக் கைவிடுவது நட்டம் ஆகவில்லை.

மக்னீசியம் கூடிய கனத்த நீரில் படிகம் வளரும் விதமும் மாறுகிறது. 26, 27 டிகிரியில் அமைதியாக வளரும் உப்பு கனசதுரப் பரலாகக் கெட்டியாக இருக்கும்; நீர் எளிதில் வடியும். கனத்த நீரில் பொடியாகப் படிவது தன் இடுக்குகளில் நீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஆகவே மேற்சொன்ன பத்துக் கிலோ என்பதும் கூடிவிடும்.

அண்ணே, மானி 27தான் காட்டுது. ஆனாலும் உப்பு கசக்குது. மானி பொய் சொல்லுமா?

மானி பொய் சொல்லவில்லை. ஆனால் அது சொல்வது ஒன்றே ஒன்றுதான். நீரின் கனத்தை அது சொல்லும், அந்தக் கனம் எந்த உப்பால் வந்தது என்பதைச் சொல்லாது. பழைய கசப்பு நீரை முழுவதும் வடிக்காமல் அதன்மேலேயே 24 டிகிரி புது நீரைப் பாய்ச்சினால், இரண்டும் கலந்து மானி 27 காட்டும். ஆனால் அதிலுள்ள மக்னீசியம், நேர்வழியில் 27-க்கு வந்த நீரில் இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கும். மேலே சொன்ன எண்கள் அனைத்தும் கடல்நீர் கலப்பில்லாமல் செறிந்து வந்தால் மட்டுமே பொருந்துபவை.

பாத்தி நீர் குறையக் குறையப் புது நீர் விட்டுக்கொண்டே பலமுறை வாருவது வழக்கம்; அதில் தவறில்லை. ஒவ்வொரு முறையும் உப்பை வாரி எடுக்கிறோம், மக்னீசியத்தை அங்கேயே விட்டுவைக்கிறோம் என்பதை மறக்காமல், பாத்தி முழுவதும் 29-ஐ எட்டும்போது ஒட்ட வடித்துவிட வேண்டும். அரைகுறையாக வடித்த பாத்தியைச் சில அறிகுறிகளால் அறியலாம். வாரும்போது நீர் எண்ணெய்போல் வழவழப்பாகக் கையில் ஒட்டும். விரலில் தொட்டு நாவில் வைத்தால் உவர்ப்புக்குப் பின்னால் கசப்பு நிற்கும். புது நீர் பாய்ந்த இடத்தில் திடீரென்று மாவுபோல் பொடி உப்பு இறங்கும். கடைசியாகச் சொன்னது, கசப்பு நீரின் குளோரைடு புது நீரின் சோறு உப்பைக் கரைசலிலிருந்து தள்ளுவதால் நேர்வது.

கிணற்று உவர்நீரைப் பயன்படுத்துவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நிலத்தடி உவர்நீர் மண்ணோடு வினைபுரிந்திருப்பதால் அதில் கால்சியம், மக்னீசியம், சல்பேட் ஆகியவற்றின் விகிதம் கடல்நீரைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த நீரை ஒருமுறையாவது ஆய்வுக்குக் கொடுத்துப் பார்க்காமல், 29 என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது சரியன்று.

கசந்த உப்பைத் திரும்ப நல்லதாக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும், ஏனெனில், மேலே கண்டபடி, கெடுதல் மேற்பூச்சில்தான் இருக்கிறது. நல்ல நீரில் கழுவினால் உப்பும் சேர்ந்து கரைந்துபோகும் என்பதால், ஏற்கெனவே உப்பு நிறைந்து, மக்னீசியம் குறைவாக இருக்கும் 25 டிகிரிப் புது உவர்நீரைக் கொண்டு கழுவ வேண்டும். அது உப்பைக் கரைக்காமல் கசப்பை மட்டும் அகற்றும். உப்பை அம்பாரமாகக் குவித்துச் சில வாரங்கள் விட்டுவைத்தாலும் மக்னீசியம் குளோரைடு ஈரத்தை இழுத்துக்கொண்டு தானே கீழே வடிந்துவிடும். ஆகவே அம்பாரத்தின் அடியிலுள்ள உப்பை மட்டும் தனியாக ஒதுக்குவது நல்லது. 32-க்கு மேல் வாரப்பட்ட உப்பில் மக்னீசியம் சல்பேட் தனிப் படிகமாகவே கலந்திருக்கும். அதை இப்படி முழுவதும் நீக்குவது கடினம்.

உப்பு படிஞ்ச பாத்தியில மழை பெஞ்சுட்டா, மறுபடி காயும்போது அதே வரிசையில வருமா?

வராது. மழை முதலில் கரைப்பது சோறு உப்பை. இலேசான மழைநீர் கனத்த உவர்நீரின்மேல் தனி அடுக்காகச் சிறிது நேரம் மிதக்கும்; காற்று கலக்கிவிடுவதற்குள் மதகின் மேற்பலகையை எடுத்து அந்த அடுக்கை மட்டும் வழியவிட்டால் உப்பு பெரிதும் தப்பிவிடும். கலந்துவிட்டால், கரைந்த உப்பால் ஆன நீர் ஒன்று உருவாகிறது. அதில் கால்சியம் மிகக் குறைவு. ஆகவே 16 முதல் 25 டிகிரி வரை செல்லும்போது ஜிப்சம் ஏறக்குறைய படிவதே இல்லை. அந்த நீரைத் திரும்ப ஆவியாக்கும் பாத்திக்கு ஏற்ற வேண்டியதில்லை; மழைக்கு முன்பே பாதி கசந்திருந்த பாத்தி இல்லையெனில், இருந்த இடத்திலேயே 25-க்கு வரவிட்டு மீண்டும் வாரலாம்.

வெளிய விடுற கசப்புத் தண்ணியை நல்ல வெயில்ல முழுசா காய வெச்சா மத்த உப்பெல்லாம் கிடைக்குமே?

சிறிது தூரம் கிடைக்கும். 32-க்கு மேல் சோறு உப்பும் மக்னீசியம் சல்பேட்டும் கலந்து படியும். அதற்கும் பின்னால் பொட்டாசியமும் மக்னீசியமும் சேர்ந்த கார்னலைட் என்னும் இரட்டை உப்பு படியும். கடைசியாக மிஞ்சுவது மக்னீசியம் குளோரைடு. நிறைவுற்ற மக்னீசியம் குளோரைடு நீர் ஆவியாக வேண்டுமானால் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 33-க்குக் கீழே இருக்க வேண்டும். மன்னார் வளைகுடாக் கரையில் அப்படிப்பட்ட காற்று அரிது. அந்தக் குழம்பு பகலில் இழந்ததை இரவில் காற்றிலிருந்தே திரும்ப எடுத்துக்கொள்ளும்.

இதனால் கசப்பு நீர் பயனற்றது என்று ஆகாது. புரோமின், மக்னீசியம் சேர்மங்கள், பொட்டாஷ் ஆகியவற்றுக்கு அதுவே மூலப்பொருள். ஆனால் அவற்றைப் பிரிக்க வெயில் போதாது. குளோரினோ, சுண்ணாம்போ, கொதிகலனோ தேவைப்படும். அது ஆலையின் வேலை, பாத்தியின் வேலை அன்று.

மார்கழி, தை மாசக் காலையில கசப்புத் தண்ணிக் குழியில ஊசி ஊசியா படிஞ்சிருக்கு, மத்தியானம் பார்த்தா காணோம். அது என்ன?

அது மக்னீசியம் சல்பேட், மருந்துக்கடையில் எப்சம் உப்பு என்று விற்கப்படுவது. சோறு உப்பின் கரைதிறன் சூட்டால் பெரிதாக மாறுவதில்லை. கொதிநீரிலும் குளிர்நீரிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் கரையும். மக்னீசியம் சல்பேட்டோ நீர் குளிர்ந்தால் கணிசமாகக் குறைவாகக் கரையும். பகலில் சூடாக இருந்த செறிந்த கசப்பு நீர் பின்னிரவில் குளிரும்போது அது ஊசிகளாகப் படிகிறது; வெயில் ஏறியதும் மறுபடி கரைந்துவிடுகிறது. இதுவரை சொன்ன வரிசை முழுவதும் நீர் குறைவதால் வருவது. இது ஒன்று மட்டும் சூடு குறைவதால் வருவது.

இந்த ஊசிகள் குழியில் தெரிந்தால் கவலை இல்லை. உப்புப் பாத்தியிலேயே காலையில் தெரிந்தால், அந்தப் பாத்தி நீரை வடிக்க வேண்டிய நாள் ஏற்கெனவே கடந்துவிட்டது. அன்று காலை வாராமல், ஊசிகள் கரையும்வரை வெயில் ஏறவிட்டு, அந்த நீரை முழுவதும் வடித்து, 25 டிகிரி நீரால் உப்பை ஒருமுறை அலசிய பிறகே வார வேண்டும்.